நான்கு பிளாக் குடியிருப்பு: கணினியில் உருவாக்கும் விற்பனை வீடியோ ஸ்கிரிப்ட், 110 நொடி

அளவு: 3840 × 2160, நொடிக்கு 25 பிரேம், மொத்தம் 2750 பிரேம். ஷட்டர் 1/50. மாடல், அனுமதி பெற்ற வரைபடத்தின் கடைசித் திருத்தப்படியே. மரங்கள் நடும்போது இருக்கும் 3 மீட்டர் உயரத்தில். இருபது ஆண்டு வளர்ந்த மரத்தை வைத்தால் வாங்குபவரை ஏமாற்றுவதாகும். பக்கத்து மனைக் கட்டடங்களை நீக்கக் கூடாது, வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக நிற்கட்டும்.

காட்சி 1. வானிலிருந்து (0:00–0:16)
நேரம்: காலை 8:15. சூரியன் 25° உயரம், திசைக்கோணம் 110°.
கேமரா: கிழக்கே 90 மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஏ பிளாக் மொட்டை மாடியை ஒட்டிச் சென்று, வாசலுக்கு முன் இறங்குகிறது. 24 மி.மீ. லென்ஸ். பாதையும் பார்வைப்புள்ளியும் தனித்தனி கர்வ். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் திருப்பத்தில் படம் வெட்டி இழுக்கும்.
கால்அவுட் (0:07): "மொட்டை மாடியில் சூரியத் தகடுகள்: பொது விளக்கு, லிஃப்ட்டுக்கு"
குரல்: "நான்கு பிளாக். தரைத்தளமும் பதினோரு மாடிகளும். நடுவே ஒரு முற்றம்."

காட்சி 2. வாசல் (0:16–0:26)
கேமரா: 1.6 மீட்டர், கண்மட்டம். வண்டிகள் இடப்பக்கச் சரிவில் அடித்தளத்துக்கு இறங்குகின்றன; கேமரா வலப்பக்க நடைபாதையில் நுழைகிறது.
கால்அவுட்: "வண்டிப்பாதை தனி, நடைபாதை தனி"

காட்சி 3. முற்றம் (0:26–0:54)
வீடியோவின் உயிர் இந்த 28 நொடிதான், அவசரப்படுத்த வேண்டாம். நொடிக்கு 1.5 மீட்டர், 42 மீட்டர் நேர்ப்பாதை. பிட்ச் 0°, செங்குத்துக் கோடுகள் சாயக் கூடாது. மேல்மாடி தெரிய வேண்டுமென்றால் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸ் ஷிஃப்ட்.

8:15 என்று வைத்ததற்குக் காரணம் நிழல். கட்டடம் 36 மீட்டர் உயரம். முற்றம் வடக்கு-தெற்காக 44 மீட்டர். சூரியன் 10°-இல் இருந்தால் நிழல் 200 மீட்டரைத் தாண்டி முற்றம் இருண்டுவிடும். 25°-இல் நிழலின் நீளம் 77 மீட்டர். அது சாய்வாக விழுவதால் தெற்குச் சுவரிலிருந்து 26 மீட்டர் வரைதான் எட்டும். மீதி 18 மீட்டரில் வெயில், குழந்தைகள் விளையாடுமிடமும் அங்கேதான். பொன்னிற விடியலுக்காக மணியை மாற்றினால் இது போய்விடும்.

கால்அவுட் 0:31: "விளையாட்டுத் திடல்: காலை வெயில் படும் பக்கம்"
கால்அவுட் 0:39: "மழைநீர் வடியும் கல்தளம், கீழே உறிஞ்சுகுழி"
கால்அவுட் 0:47: "படியில்லாத சரிவுப்பாதை 1:12"
ஒவ்வொன்றும் 4 நொடி நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். சுட்டுக்கோடு பொருளோடு 3டியில் ஒட்டியிருக்க வேண்டும். மரம் குறுக்கிட்டால் எழுத்து மறையாமல், கோடு மட்டும் பின்னால் போகட்டும். எழுத்துருவை முதலில் சோதிக்கவும்: "கொ", "தே" போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி விழுகிறதா என்று ஒவ்வொரு கால்அவுட்டிலும் பார்க்க வேண்டும்.
குரல் (0:33): "வண்டி வராத முற்றம். பிள்ளைகள் ஓடலாம். பெரியவர்கள் படி ஏறாமல் நடக்கலாம்."

காட்சி 4. லாபி (0:54–1:00)
லிஃப்ட் கதவு மூடுகிறது. திறக்கும்போது மணி மாலை 4:30. நேரமாற்றத்துக்கு இந்தக் கதவே போதும், ஃபேட் வேண்டாம்.

காட்சி 5. ஏழாவது மாடி வீடு (1:00–1:24)
கேமரா: 1.5 மீட்டர் உயரம், 20 மி.மீ. அதற்கும் அகலமான லென்ஸ் போட்டால் 3.6 மீட்டர் கூடம் மண்டபம் மாதிரி தெரியும். நொடிக்கு 0.6 மீட்டர், கூடத்தின் 5.4 மீட்டரைக் கடக்க 9 நொடி, பிறகு அடுக்களை வாசலில் 5 நொடி நின்று, பால்கனிக்கு.
எக்ஸ்போஷர்: உள்ளிருந்து வெளியே போகும்போது 30 பிரேமில் மெதுவாகக் குறைக்கவும். ஆட்டோவில் விட்டால் சுவர் துடிக்கும். ஒளிக் கணக்கை பிரேமுக்கு பிரேம் புதிதாகப் போடாமல், பாதை முழுவதற்கும் ஒருமுறை சேமித்துப் பயன்படுத்தவும். இல்லையென்றால் கூரை மூலைகளில் புள்ளிகள் கொதிக்கும்.
கால்அவுட் 1:04: "கூடம் 5.4 × 3.6 மீ, சுவருக்குச் சுவர் உள்ளளவு"
கால்அவுட் 1:17: "மேற்கு வெயிலுக்கு நகரும் தட்டித் தடுப்பு"
தடுப்பு பாதி திறந்த நிலையில் தொடங்கி மூடட்டும். தரையில் கோடுகோடாக விழும் வெயில் மெலிவதைப் பார்த்தாலே பயன் புரியும், அங்கே குரல் வேண்டாம்.

காட்சி 6. உடற்பயிற்சிக் கூடம், நூலக அறை (1:24–1:32)
இரண்டு ஷாட், தலா 4 நொடி.

காட்சி 7. அந்தி (1:32–1:50)
நேரம்: சூரியன் அடிவானத்துக்கு 5° கீழே. வீட்டு விளக்குகள் 3000 கெல்வின், மூன்றில் ஒரு ஜன்னல் இருட்டாக. எல்லாம் எரிந்தால் ஹோட்டல் போல இருக்கும். கேமரா முற்றத்திலிருந்து 60 மீட்டர் வரை நேராக எழுகிறது.
கடைசி 5 நொடி அட்டை: "படங்கள் கணினியில் உருவாக்கப்பட்டவை. அறைகலன்கள் விற்பனையில் அடங்கா. அளவுகள் அனுமதி வரைபடப்படி."

முழு ரெண்டருக்கு முன்: காட்சிக்கு இரண்டு பிரேம் முழுத்தரத்தில். காட்சி 3-இல் மட்டும் தொடர்ச்சியாக 50 பிரேம். காற்றில் ஆடும் இலையில் டீநாய்ஸர் விடும் மினுக்கல் ஒற்றைப் படத்தில் தெரியாது.