மூன்று நிலை விலை: திங்கள் முதல் இப்படித்தான் சொல்லப் போகிறோம்

போன் எடுப்பவர்கள், வீடு பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். வரும் திங்கள் முதல், ‘வீடு சுத்தம் செய்ய எவ்வளவு?’ என்று கேட்டவுடன் ஒரே விலை சொல்லும் பழக்கம் கிடையாது. ஒரே விலை சொன்னால் எதிரே இருப்பவருக்கு வேண்டும், வேண்டாம் என்ற இரண்டே பதில்தான் இருக்கிறது. மூன்று சொன்னால், தன் வீட்டுக்கு எது பொருந்தும் என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்.

கணக்கு நமக்குள் இருக்கட்டும். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை, இரண்டு குளியலறை உள்ள வீட்டுக்கு ‘வழக்கமான சுத்தம்’ என்றால் 2 பேர் 2 மணி நேரம், ‘நிறைவான சுத்தம்’ என்றால் 2 பேர் 3 மணி நேரம், ‘முழு சுத்தம்’ என்றால் 3 பேர் 4 மணி நேரம். அதாவது 4, 6, 12 ஆள்மணி. விலை விகிதம் 4, 6, 13. கடைசியில் அந்த ஒன்று கூடுவது மெஷினுக்கும் உப்புக்கறை, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவங்களுக்கும். மணிக்கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். சொன்னால், அரை மணி முன்னால் முடித்த நாளில் ‘மீதிப் பணம்?’ என்ற கேள்வி வரும், வேகமாக வேலை செய்ததற்கு நாமே தண்டனை கட்டின மாதிரி ஆகிவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியது இது, வார்த்தை மாற்றாமல்:

“முழு சுத்தம்: நிறைவான சுத்தத்தில் உள்ள எல்லாம், அதோடு அலமாரி, ஃபிரிட்ஜ் உள்பக்கம், எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னல் சட்டத்தின் பள்ளங்கள், டைல்ஸ் இடுக்கு, ஷவரில் படிந்த உப்பு. குடிபோகும் முன், பெயின்ட் வேலைக்குப் பின், பல மாதம் பூட்டியிருந்த வீட்டுக்கு.

நிறைவான சுத்தம்: வழக்கமான சுத்தத்தில் உள்ள எல்லாம், அதோடு ஒட்டடை, மின்விசிறி, கதவு, சுவிட்ச் போர்டு, ஜன்னல் கம்பி, அடுப்பைச் சுற்றியுள்ள டைல்ஸ், நகர்த்த முடிந்த சாமான்களுக்கு அடியில். மாதம் ஒருமுறை கூப்பிடும் வீட்டுக்கு.

வழக்கமான சுத்தம்: எல்லா அறையும் தூசி தட்டி, பெருக்கி, துடைத்தல், சமையல் மேடை, சிங்க், குளியலறை, கழிப்பறை கழுவுதல். வாரம் ஒருமுறை கூப்பிடும் வீட்டுக்கு.

மூன்றிலும் குளியலறைத் துணி வேறு, சமையலறைத் துணி வேறு. மார்பிள் மீது அமிலம் படாது.”

கடைசி இரண்டு வரியை யாரும் வெட்ட வேண்டாம். விலை குறைந்தால் வேலையின் அளவு குறையும், தரம் குறையாது என்பதை அதைவிட நன்றாகச் சொல்ல நமக்கு வேறு வழியில்லை. ‘இது சும்மா மேலோட்டமானதுதான்’ என்று கீழ்நிலையைப் பற்றிப் பேசவே கூடாது, அதை எடுப்பவரும் நம் வாடிக்கையாளர்தானே.

சொல்லும் வரிசையும் முக்கியம். முதலில் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்: கடைசியாக எப்போது முழுதாகச் சுத்தம் செய்தது, எத்தனை குளியலறை, செல்லப்பிராணி உண்டா. அப்புறம் பெரிய விலையிலிருந்து கீழே வாருங்கள். சின்ன எண்ணைக் காதில் போட்டுவிட்டுப் பெரியதைச் சொன்னால் அது கொள்ளை விலையாகத் தெரியும். மூன்றையும் சொன்ன பிறகு அப்படியே விட்டுவிடாதீர்கள், ‘நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நிறைவான சுத்தமே போதும்’ என்று ஒன்றைக் கையில் கொடுங்கள். போதும் என்றால் உண்மையிலேயே போதுமாக இருக்க வேண்டும். வாராவாரம் துடைக்கிற வீட்டுக்கு முழு சுத்தத்தை விற்றால் அந்தப் பணம் ஒருமுறைதான் வரும்.

இதற்கு நேர்மாறான வீடும் உண்டு. பெயின்ட் அடித்து முடித்த வீட்டுக்கு வழக்கமான சுத்தம் கேட்டால் மறுத்துவிடுங்கள். துடைக்கத் துடைக்க வெள்ளைத் தூசி இறங்கிக்கொண்டே இருக்கும், நம் ஆட்களும் நொந்து போவார்கள், வாடிக்கையாளருக்கும் திருப்தி இருக்காது.

‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள், கட்டாயம் என்பார்கள். பதில் இதுதான்: “குறைக்கலாம், அப்படியானால் ஒட்டடையும் ஜன்னல் கம்பியும் இல்லாமல் வழக்கமான சுத்தமாகச் செய்து தருகிறோம்.” எண்ணைத் தனியாக இறக்கினால், முதலில் சொன்ன விலை பொய் என்று ஆகிவிடும். மேல்நிலை வேலை ஒன்றை இலவசமாகச் சேர்ப்பதும் வேண்டாம். ஃபிரிட்ஜ் மட்டும் வேண்டும் என்பவருக்கு அதைத் தனி வேலையாக, ஒரு ஆள்மணி விலைக்குச் சேர்த்து எழுதுங்கள்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு இந்த மாதம் முடியும்வரை பழைய விலையேதான். அவர்களுக்கு நானே போன் செய்து பேசுகிறேன், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.