சப்ளையர் கணக்குச் சரிபார்ப்பு: 10ஆம் தேதி குறித்து

வணக்கம் சார்,

180 சப்ளையர் கணக்குகளையும் 10ஆம் தேதிக்குள் முடிக்க இயலாது. ஒருவர் நாளுக்கு 15 கணக்குதான் பார்க்க முடியும். 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 இருப்பதால் எனக்குத் தினமும் அரை நாளே மிஞ்சும். 10க்குள் சுமார் 60 முடியும். அவசரப்பட்டால் டெபிட் நோட்டுகள் விடுபட்டு, இரட்டைப் பேமென்ட் போய்விடும்.

நிலுவை அதிகமுள்ள 60 கணக்குகளை 10ஆம் தேதியும், மீதியை 23ஆம் தேதியும் தருகிறேன். எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: போன மாத பில்களுக்கான ஜிஎஸ்டிஆர்-2பி 14ஆம் தேதிதான் வரும், அதற்கு முன் வரிக் கிரெடிட்டை ஒப்பிட வழியில்லை.

முழுப் பட்டியலும் 10க்கே வேண்டுமென்றால், பர்ச்சேஸிலிருந்து ஒருவரை நாளை முதல் முழு நேரமாகத் தாருங்கள். அப்போதும் 2பி ஒப்பீடு மட்டும் பின்னால்தான் வரும்.

டிடிஎஸ்ஸையும் ஜிஎஸ்டிஆர்-1ஐயும் தள்ளிப்போட முடியாது, டிடிஎஸ்ஸுக்கு வட்டியும் ஜிஎஸ்டிஆர்-1க்குத் தாமதக் கட்டணமும் விழும். எது வசதி என்று இன்று மாலைக்குள் சொன்னால் நாளைக் காலையே தொடங்கிவிடுவேன் சார்.