ராத்திரி 2.10 – 2.50 குழந்தை இதயத்துடிப்பு சிடிஜி, போட்டோ பாத்து என் ரீடிங்

மக்ளே, போன்ல சொன்ன மாதிரி வலி கூட்டுற ஆக்ஸிடோசின் ட்ரிப்ப நிறுத்திட்டியா? இன்னும் நிறுத்தலன்னா முதல்ல அத நிறுத்து, இடதுபக்கம் சரிச்சு படுக்க வை, பெறவு வந்து இத வாசி. அடுத்த 20 நிமிஷ ட்ரேஸ் ஓடும்போது வாசிச்சாப் போதும். கேஸ் ஷீட்லயும் எழுதணும்லா, அதான் நான் என்ன பாத்தேன்னு முழுசா போடுறேன்.

நீ சொன்னத வச்சு: முதல் பிரசவம், 39 வாரம், 5 செ.மீ. திறந்திருக்கு, தண்ணி ஒடைஞ்சு தெளிவா இருக்கு, காய்ச்சல் இல்ல. பேப்பர் ஸ்பீடு நிமிஷத்துக்கு 1 செ.மீ.ன்னு ஓரத்துல அச்சாகியிருக்கு, அது தெரிஞ்சது ரொம்ப நல்லது. 3 செ.மீ.ல ஓடுற பேப்பரா இருந்தா இதே கோடு நீளமா இழுத்துக்கிட்டு கெடக்கும், வேரியபிலிட்டி கண்ணுக்கு வேற மாதிரி தோணும். மூணு போட்டோ வந்திருக்கு, ஆனா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல 2.31ல இருந்து 2.34 வரைக்கும் இல்ல. அந்த மூணு நிமிஷத்த பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பேப்பர விரிச்சு நீயே பாத்துக்கோ.

பேஸ்லைன். முதல் பத்து நிமிஷம் 135ஐ ஒட்டி போவுது, கடைசி பத்து நிமிஷத்துல 150. ரெண்டுமே 110 – 160க்குள்ள தான், அதனால 'நார்மல்'னு எழுதினா தப்பில்ல. ஆனா அட்மிஷன்ல எடுத்த ட்ரேஸ்ல 130ன்னு நீயே சொன்ன. அந்தக் குழந்தையோட சொந்தக் கணக்குல 20 பீட் ஏறியிருக்கு, கேட்டியா. இத எல்லைக்குள்ள தானேன்னு விட்டுரக் கூடாது, ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடும்போது குழந்தை இப்படித்தான் பைய ஏறும். அம்மைக்குக் காய்ச்சல் அடிச்சாலும் ஏறும், அதனால டெம்பரேச்சர் பாத்து எழுது.

வேரியபிலிட்டி. ஒரு நிமிஷத் துண்ட எடுத்து, கோடு மேல தொடுற எடத்துக்கும் கீழ தொடுற எடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்தேன், டிஸலரேஷன் இல்லாத எடத்துல மட்டும். 2.25 வரைக்கும் 8 – 10 பீட், நல்லா இருக்கு. 2.34க்கு மேல 5ஐ ஒட்டி வருது, ரெண்டு துண்டுல அதுக்கும் கீழ. 5 – 25 தான் நார்மல், இது அடிவிளிம்பு. தூங்குற குழந்தைக்கும் இப்படி குறையும், அந்தத் தூக்கம் 50 நிமிஷம் வரைக்கும் கூட போவும், அதனால இத மட்டும் வச்சு நான் பதறமாட்டேன். ஆனா 2.18ல வந்த ஆக்ஸலரேஷனுக்கு பெறவு ஒண்ணு கூட இல்ல, கூடவே கீழ சொல்லப்போறதும் இருக்கு.

நீ பயந்து வட்டம் போட்டு அனுப்புனது 2.26ல 85 வரைக்கும் விழுந்ததத்தான். அது வேரியபிள். சட்டுனு விழுந்து சட்டுனு எழும்புது, மொத்தம் ஒரு 40 செகண்ட், முன்னயும் பின்னயும் தோள் மாதிரி சின்ன ஏத்தம் இருக்கு, உள்ளயும் கோடு நெளிஞ்சுதான் வருது. தொப்புள்கொடி அமுங்கும்போது பிரஷர் கூடி ரிஃப்ளெக்ஸ்ல விழுறது இது, தண்ணி ஒடைஞ்ச பெறவு நெறைய வரும். ஆழமா இருக்கேன்னு மனசு அடிச்சுக்கும், ஆனா இந்தக் குழந்தை அத நல்லாவே சமாளிச்சிருக்கு.

எனக்கு மனசுல உறுத்துறது நீ வட்டம் போடாத ரெண்டு எடம். மூணாவது போட்டோவ பெருசாக்கி 2.41யும் 2.46யும் பாரு. 150ல இருந்து 137 – 138 வரைக்கும் தான் இறங்குது, குழி மாதிரி கூட தெரியாது, கோடு கொஞ்சம் தொய்ஞ்ச மாதிரி இருக்கும். இப்ப ஒரு ஸ்கேல வச்சு கீழ டோகோல வலியோட உச்சி எங்கன இருக்குன்னு நேரா கோடு இழு. வலி உச்சிக்கு வந்த பெறவுதான் இது அடிக்குப் போவுது, வலி முடிஞ்சும் 25 – 30 செகண்ட் ஆன பெறவுதான் பழைய எடத்துக்கு ஏறுது. பைய எறங்கி பைய ஏறுது. இது லேட் டிஸலரேஷன் மக்ளே. 15 பீட் கூட இல்லையேன்னு கேப்ப, வேரியபிலிட்டி குறைஞ்சு ஆக்ஸலரேஷனும் இல்லாத ட்ரேஸ்ல 10 – 15 பீட் இறக்கத்தயும் லேட்டாத்தான் எடுக்கணும்னு 2015 ஃபிகோ கைட்லைன்லயே இருக்கு. ஆக்சிஜன் குறையுறத உணர்ந்து விழுறது இது, ஆழத்த வச்சு இத எடபோடக் கூடாது.

காரணம் கீழயே எழுதியிருக்கு. 2.10 – 2.20ல 4 வலி, 2.20 – 2.30ல 6, 2.34 – 2.44லயும் 6. ஒரு வலி ஒரு நிமிஷம் நிக்குது, அப்போ நடுவுல குழந்தைக்கு மூச்சு விட கிடைக்குறது 40 செகண்ட் தான். வலி நேரத்துல நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தம் குறையும், அந்த இடைவெளியிலதான் அது திரும்ப நிறையணும். 10 நிமிஷத்துக்கு 5க்கு மேல போனா டாக்கிசிஸ்டோல், ட்ரிப் ஓடுறப்போ இத எண்ணாம விடவே கூடாது. டோகோ மேடு உசரத்த வச்சு வலியோட பலத்த சொல்ல முடியாது, பெல்ட் இறுக்கத்துக்கு அது மாறும், வயித்துல கை வச்சு பாரு.

2.38ல கோடு அறுந்து 88ல துண்டு துண்டா வருதே, அது அம்மையோட பல்ஸா இருக்கலாம். விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டி ரெண்டு நம்பரயும் பக்கத்துல பக்கத்துல எழுது, ப்ரோப்ப கொஞ்சம் நகட்டி வை.

என் முடிவு: சஸ்பீஷியஸ். லேட் ரெண்டுதான், இன்னும் எல்லா வலிக்கும் வரல, அதனால பாத்தலாஜிக்கல்னு நான் போடல. ஆனா போற தெச நல்லா இல்ல.

ட்ரிப் நிறுத்தி சில நிமிஷத்துல வலி இடைவெளி கூடணும். கூடலன்னா, அம்மைக்கு பல்ஸ் ரொம்ப கூடுதலா இல்ல, இதய வியாதியும் இல்லன்னா, டெர்புடலின் 0.25 மி.கி. தோலுக்கடியில போடு, போடுறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணு. பிபி குறைஞ்சிருந்தா ஐவி ஃப்ளூயிட் குடு. சாச்சுரேஷன் நல்லா இருந்தா ஆக்சிஜன் மாஸ்க் வேண்டாம். ஒரு பிவி பாரு, கொடி கையில தட்டுதான்னு பாரு, கோடு பேஸ்லைன்ல இருக்குறப்போ தலைய பைய விரலால தடவு, ஆக்ஸலரேஷன் வந்தா பாதி பாரம் எறங்கிரும்.

20 நிமிஷத்துல லேட் நின்னு வேரியபிலிட்டி திரும்பி வந்தா ட்ரிப் இல்லாமலே பாத்துக்கிட்டு இருப்போம், திரும்ப ஆரம்பிக்கறத நான் வந்து சொல்றேன். பாதிக்கு மேல வலிக்கு லேட் வந்துச்சுன்னாலோ, 3 நிமிஷத்துக்கு மேல எழும்பாம கெடந்துச்சுன்னாலோ தியேட்டர்தான். மயக்க டாக்டர் நாகர்கோவில்ல இருந்து வரணும், அதனால இப்பவே சொல்லி வை, வேண்டாம்னா திரும்பிப் போகட்டும். அவருக்கு வர முடியாதுன்னா காத்திருக்காத, 108ஐ கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் லேபர் வார்டுக்கு போன் பண்ணிட்டு அனுப்பு, ட்ரேஸ் பேப்பர கூடவே குடு. வெளிய நிக்குற அவ அம்மைகிட்டயும் இப்பவே சொல்லிரு, வலி நெருக்கமா வந்ததால குழந்தை கொஞ்சம் களைச்சிருக்கு, மருந்த நிறுத்தியிருக்கோம், ஆபரேஷன் வேண்டி வரலாம்னு நேரா சொல்லு.

அடுத்த போட்டோ எடுக்கும்போது பேப்பர மேசைல தட்டையா விரிச்சு, ஃப்ளாஷ் போடாம, நேரா மேல இருந்து எடு, இதுல டோகோ பக்கம் பளபளன்னு ரெண்டு எடம் வெளுத்துப் போச்சு. ஒவ்வொரு படத்துலயும் முந்தின படத்தோட கடைசி ரெண்டு நிமிஷம் வரணும், நேரமும் எண்ணும் தெரியணும், அவ பேரு இருக்குற எடத்த மறைச்சுக்கோ. ட்ரிப்ப நிறுத்தின நேரத்த பேப்பர்லயே பேனாவால எழுதி கையெழுத்து போடு. நான் வண்டி எடுத்துட்டேன், இனி எழுத முடியாது, எதுனாலும் போன் பண்ணு.