காலை அறிவிப்புக் காணொளி: அக்டோபர் 4

நீளம்: சுமார் இரண்டரை நிமிடம்
வாசிப்பவர்கள்: எட்டாம் வகுப்பு மாணவி, மாணவன்

[நூலக வாசல். இருவரும் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள்.]

மாணவி: எல்லோருக்கும் காலை வணக்கம்! இன்று அக்டோபர் 4.

மாணவன்: முதலில் முக்கியமான செய்தி. இன்று 11.10 மணிக்குத் தீ விபத்து ஒத்திகை நடக்கிறது. பீரியட் மணி போல அடித்து ஓயாது, நிற்காமல் அடிக்கும். அதுதான் அடையாளம்.

மாணவி: போன முறை ஒன்றாம் வகுப்பில் சிலர் அந்தச் சத்தத்துக்கே அழுதுவிட்டார்கள். அதனால்தான் இப்போதே சொல்கிறோம். தம்பி தங்கைகளே, இன்று எங்கும் தீ இல்லை. பயப்படாதீர்கள்.

[படிக்கட்டு. நேற்று எடுத்த காட்சி.]

மாணவன்: மணி கேட்டதும் எழுதுவதை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருங்கள். பை வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். போன முறை படிக்கட்டில் நெரிசல் ஆனதே பைகளால்தான். சுவர் ஓரமாக, ஓடாமல் இறங்குங்கள். மெதுவாக நடப்பவர்களை முந்தாதீர்கள்.

மாணவி: கழிப்பறையில் இருக்கிறீர்கள், மணி அடிக்கிறது. அப்போது வகுப்புக்குத் திரும்பக் கூடாது. பக்கத்து வாசல் வழியாக நேரே மைதானத்துக்கு வந்து உங்கள் வகுப்பு வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள்.

[மாணவன் குனிந்து நடந்து காட்டுகிறான்.]

மாணவன்: உண்மையான தீயில் புகை மேலே போகும். தரையை ஒட்டித்தான் மூச்சுவிடக் கொஞ்சமாவது நல்ல காற்று இருக்கும். அதனால்தான் இப்படிக் குனிந்து போக வேண்டும். இன்று இது தேவையில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

[மாணவி மட்டும், முகம் அருகில். இதை அவசரமில்லாமல் வாசிக்கவும். சின்ன வகுப்புகளும் பார்க்கிறார்கள்.]

மாணவி: மைதானத்தில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது பேசாதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்காருபவரைக் காணோமா? உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், தேடிக்கொண்டு நீங்கள் உள்ளே போகக் கூடாது.

[மீண்டும் நூலக வாசல்.]

மாணவன்: சரி, மற்ற செய்திகள். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர இன்று கடைசி நாள். மாலை விளையாட்டுப் பயிற்சி வழக்கம்போல உண்டு.

மாணவி: நீல நிற ஃபிரேம் போட்ட ஒரு மூக்குக்கண்ணாடி நேற்று கை கழுவும் இடத்தில் கிடைத்தது. அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அது இல்லாமல் கரும்பலகை தெரியாமல் யாரோ சிரமப்படுவார்கள். உங்களுடையது என்றால் முதல் மணிக்கு முன்பே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாணவன்: கடைசியாக, இன்றைய நாள். 1957ஆம் ஆண்டு இதே அக்டோபர் 4 அன்று, உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1-ஐச் சோவியத் யூனியன் விண்ணில் ஏவியது.

[மாணவி கூடைப்பந்து ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுகிறாள்.]

மாணவி: இந்தப் பந்தின் குறுக்களவு சுமார் 24 சென்டிமீட்டர். ஸ்புட்னிக் 58 சென்டிமீட்டர், எடை சுமார் 84 கிலோ. பூமியை ஒரு முறை சுற்ற அதற்கு ஆனது ஏறத்தாழ 96 நிமிடம். அதாவது நம்முடைய இரண்டு பீரியடும் இன்னும் ஆறு நிமிடமும்!

மாணவன்: 11.10-க்கு மைதானத்தில் பார்ப்போம். பை இல்லாமல்!

[இருவரும் கையசைக்கிறார்கள்.]