ஊட்டச்சத்து மதிப்பீட்டுக் குறிப்பு: சிறுகுடல்–தோல் ஃபிஸ்டுலா, அறுவை சிகிச்சை வார்டு, கட்டில் 17

தேதி: 14.03.2025, காலை 11.30. அறுவை சிகிச்சைப் பிரிவு கேட்டுக்கொண்டபடி முதல் மதிப்பீடு.

நிலவரம்

46 வயது ஆண், கொத்தனார். குடல் அடைப்புக்காக 23.02.2025 அன்று வெளி மருத்துவமனையில் அவசர அறுவை சிகிச்சை. அழுகிய ஜெஜுனத் துண்டை நீக்கி இணைத்திருக்கிறார்கள். ஆறாம் நாள் தையல் காயத்தின் வழியே பச்சை கலந்த மஞ்சள் திரவம் வந்ததால் இங்கே அனுப்பப்பட்டார். அறுவைக் குறிப்பின்படி இணைப்பு, டியோடினோஜெஜுனல் வளைவிலிருந்து ஏறத்தாழ 100 செ.மீ. கீழே. கான்ட்ராஸ்ட் சிடியில் கசிவு அங்கேதான் என்பது உறுதி. அதற்குக் கீழே உள்ள குடலில் அடைப்பு இல்லை, மருந்து சீக்கம் வரை போகிறது. இடுப்புக்குழியில் இருந்த 6 செ.மீ. சீழ்க்கட்டி 09.03 அன்று குழாய் வைத்து வடிக்கப்பட்டது. அதன்பின் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. சிஆர்பி 118லிருந்து 46.

தொற்று அடங்கும் பாதையில் இருப்பதால் ஊட்டத்தை இனித் தள்ளிப்போட வேண்டியதில்லை. 19 நாளாக இவருக்குக் கிடைத்தது குளுக்கோஸ் பாட்டிலும் கொஞ்சம் கஞ்சியும் டீயும்தான்.

உடல் பரிசோதனை

உயரம் 166 செ.மீ. இன்றைய எடை 46 கிலோ (படுக்கைத் தராசு, பை காலி செய்தபின்). நோய்க்கு முன் 58 கிலோ என்று மனைவி சொல்கிறார். ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்தது நினைவிருக்கிறதாம். இழப்பு 12 கிலோ, அதாவது 20.7%. பிஎம்ஐ 16.7. மேல்கைச் சுற்றளவு 20.5 செ.மீ. வலது கைப்பிடி வலு 14 கிலோ. நெற்றிப்பொட்டும் தோள் எலும்பும் துருத்தித் தெரிகின்றன. காலில் வீக்கம் இல்லை. முடிவு: கடுமையான ஊட்டக்குறை.

அல்புமின் 2.1. இது அழற்சியின் கணக்கு, ஊட்டத்தின் கணக்கு அல்ல. இதைக் காட்டி அல்புமின் பாட்டில் ஏற்ற வேண்டாம்.

திரவ இழப்பு

சார்ட்டில் பை அளவு கடந்த மூன்று நாள் 1380, 1610, 1490 மி.லி. சராசரி 1500 என்று வைக்கலாம். ஆனால் பையின் ஓரம் சரியாக ஒட்டாமல் கட்டுத்துணியும் நனைகிறது, அது எந்தச் சார்ட்டிலும் ஏறவில்லை. நேற்று 24 மணி நேரத் துணிகளை ஒன்றாக நிறுத்தோம்: நனைந்தது 415 கிராம், அதே எண்ணிக்கை உலர்ந்த துணி 95 கிராம். 320 மி.லி. துணியிலேயே போயிருக்கிறது. ஆக உண்மையான அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1800 மி.லி. 500ஐத் தாண்டினாலே அதிக வடிவு வகை. இது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

வெளியே: ஃபிஸ்டுலா 1800, சிறுநீர் 620, சீழ்க் குழாய் 30, மூச்சும் வியர்வையும் சுமார் 700. மொத்தம் 3150 மி.லி. உள்ளே: நரம்பு வழி 1500, வாய் வழி 1150. மொத்தம் 2650. தினம் 500 மி.லி. பற்றாக்குறை.

உப்புக் கணக்கு இதைவிட மோசம். ஃபிஸ்டுலா திரவத்தில் சோடியம் லிட்டருக்கு 108 மில்லிமோல் (நேற்றைய லேப்). அப்படியானால் அதில் மட்டும் தினம் 194 மில்லிமோல். நரம்பு வழி கொடுத்தது 142. குடித்தது இளநீர், டீ, தண்ணீர்: மூன்றிலும் சோடியம் கிட்டத்தட்ட இல்லை. குடிக்கக் குடிக்க, மேல் ஜெஜுனம் ரத்தத்திலிருந்து உப்பை இழுத்து வெளியே விடுகிறது. சிறுநீர்ச் சோடியம் 9 என்பதும், உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் 104/66லிருந்து 84/50க்கு இறங்குவதும் இதைத்தான் காட்டுகின்றன. ரத்தத்தில் சோடியம் 129, பொட்டாசியம் 3.1, மக்னீசியம் 1.4, பாஸ்பரஸ் 2.3, பைகார்பனேட் 19, கிரியாட்டினின் 1.3.

புரத இழப்பு

ஃபிஸ்டுலா திரவத்தை லேபில் 'மொத்தப் புரதம்' பார்த்தால் குறைவாகவே காட்டும், என்சைம்கள் பாதியைச் செரித்துவிட்டிருக்கும். அதனால் லிட்டருக்கு 2 கிராம் நைட்ரஜன் என்ற கணக்கை எடுத்திருக்கிறேன். வயிறு திறந்து வைக்கப்பட்ட நோயாளிகளின் திரவத்துக்கான கணக்கு அது, இங்கே தோராயம்தான். 1.8 லிட்டருக்கு 3.6 கிராம் நைட்ரஜன், அதாவது 22–23 கிராம் புரதம்.

24 மணி நேரச் சிறுநீர் யூரியா நைட்ரஜன் 8.6 கிராம். மற்ற வழிகளுக்கு 2 கிராம். மொத்தம் 14.2 கிராம் நைட்ரஜன், புரதமாக 89 கிராம். உட்கொள்வது சுமார் 12 கிராம் புரதம். தினம் 12 கிராமுக்கு மேல் நைட்ரஜன் பற்றாக்குறை. தசையாகச் சொன்னால் நாளுக்கு ஏறக்குறைய 370 கிராம்.

இலக்கு: புரதம் கிலோவுக்கு 2 கிராம், 92 கிராம். ஆற்றல் கிலோவுக்கு 30 கிலோகலோரி, 1380.

தேர்ந்த வழி: மைய நரம்பு வழி ஊட்டம் (டிபிஎன்)

காரணம்: ஃபிஸ்டுலாவுக்கு மேலே இருப்பது 100 செ.மீ. குடல்தான். வாய் வழியோ மூக்குக் குழாய் வழியோ முழு உணவு கொடுத்தால் உறிஞ்சப்படுவதைவிட வடிவதே கூடும். ஃபிஸ்டுலா வாய் வழியே கீழ்க்குடலுக்கு ஊட்டுவது நல்ல யோசனை, பாதையும் திறந்திருக்கிறது. ஆனால் துளைக்கு வயது 13 நாள்தான், சுற்றித் தோலும் புண்ணாக உள்ளது, சீழ்க் குழாய் இன்னும் எடுக்கவில்லை. இப்போதைக்கு வேண்டாம். 28.03 அன்று அறுவை மருத்துவருடன் சேர்ந்து மறுபடி பார்க்கலாம்.

கழுத்தில் உள்ள பழைய லைன் 12 நாள் ஆனது, காய்ச்சலின்போதும் இருந்தது. அதில் டிபிஎன் ஏற்றக் கூடாது, எடுத்துவிடவும். வலது கையில் புதிய பிஐசிசி, எக்ஸ்ரேயில் நுனி பார்த்தபின் ஒரு லூமன் டிபிஎன்னுக்கு மட்டும். ரத்தம் எடுப்பது, ஆன்டிபயாடிக் எல்லாம் மற்ற லூமனில்.

ரீஃபீடிங் ஆபத்து: மிக அதிகம்

முதல் பைக்கு முன் தயமின் 300 மி.கி. நரம்பு வழி, பிறகு 5 நாள் தினமும். பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் திருத்தம் இன்றே தொடக்கம். பொட்டாசியம் 3.5 ஆகாமல் பை மாட்ட வேண்டாம்.

முதல் நாள் 460 கிலோகலோரி: அமினோ அமிலம் 55 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 70 கிராம், கொழுப்பு இல்லை. பின் 700, 920, 1150, ஐந்தாம் நாள் 1380. பாஸ்பரஸ் விழுந்தால் அந்தப் படியிலேயே நிற்கவும். முழு அளவில்: 10% அமினோ அமிலம் 920 மி.லி., 50% டெக்ஸ்ட்ரோஸ் 360 மி.லி., 20% கொழுப்பு 200 மி.லி. மல்டிவைட்டமினும் நுண்தாதுக்களும் தினமும். குடல் திரவத்தில் லிட்டருக்கு 12 மி.கி. ஜிங்க் போவதாகக் கணக்கு. இவருக்கு 21–22 மி.கி. வழக்கமான ஆம்பியூல் போதாது, கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

திரவ ஈடு

டிபிஎன்னைத் திரவ ஈடாக எண்ண வேண்டாம். 6 மணிக்கொருமுறை பையையும் துணியையும் அளந்து, அதே அளவு நார்மல் சலைன், லிட்டருக்கு 10 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு சேர்த்து. இலக்கு: சிறுநீர் நாளுக்கு 1000 மி.லி., சிறுநீர்ச் சோடியம் 20க்கு மேல்.

வாய் வழி மொத்தம் 1000 மி.லி. அதில் பாதி உப்பு–குளுக்கோஸ் கரைசல் (லிட்டருக்கு குளுக்கோஸ் 20, உப்பு 3.5, சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம்), மீதிதான் டீயும் தண்ணீரும். ருசிக்கு இட்லி, தயிர் சாதம் சிறு அளவில் தரலாம். ஒமெப்ரசோல் தொடரட்டும். லோபரமைடு 4 மி.கி., உணவுக்கு அரை மணி முன், தினம் மூன்று வேளை.

குடும்பத்துடன் பேசியது

"இளநீர் நல்லதுதானே, ஏன் நிறுத்துறீங்க?" என்று மனைவி கேட்டார். பையில் வடிவது ஏன் கூடுகிறது என்று சார்ட்டைக் காட்டி விளக்கினேன். இரவில் பையை அளக்காமல் கொட்டுவது நின்றாக வேண்டும்; அளவு ஜாடி கட்டிலடியில் வைக்கப்பட்டது, எழுத நோட்டும் கொடுத்தாயிற்று. பிஐசிசிக்கு நோயாளி ஒப்புதல் கையெழுத்திட்டார்.

கண்காணிப்பு

பொட்டாசியம், பாஸ்பரஸ், மக்னீசியம் முதல் 3 நாள் 12 மணிக்கொருமுறை. சர்க்கரை 6 மணிக்கொருமுறை, 140–180க்குள். எடை தினமும் காலை. கல்லீரல் சோதனை, ட்ரைகிளிசரைடு வாரம் ஒருமுறை. நைட்ரஜன் கணக்கு 21.03 அன்று மீண்டும். காய்ச்சல் 38ஐத் தாண்டினால் இரவானாலும் டூட்டி மருத்துவர் பிஐசிசியைப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லவும்.

பதிவு: மருத்துவ ஊட்டச்சத்துப் பிரிவு. அறுவை சிகிச்சைப் பிரிவுத் தலைவரிடமும் வார்டு செவிலியரிடமும் நேரில் சொல்லப்பட்டது, மதியம் 12.40.