ஞாயிறு மாலை ஐந்தரை: நம் வீட்டு அழைப்புக்கான நேரப் பட்டியல், 2026

டல்லாஸ் சித்தப்பா, மெல்போர்ன் சின்ன அத்தை, சிங்கப்பூர் அக்கா, மாமா, பர்மிங்ஹாமில் இருக்கும் பெரிய அத்தை மகள், துபாய் தம்பி, எல்லாருக்கும் வணக்கம்.

அப்பத்தாவோடு எல்லாரும் ஒரே நேரத்தில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று பொங்கலுக்குப் பேசிக்கொண்டோம் இல்லையா, அதற்கான பட்டியல் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் நம் ஊர் நேரம் மாலை 5:30. வருஷம் முழுக்க இதில் மாற்றம் இல்லை. டல்லாஸ், பர்மிங்ஹாம், மெல்போர்ன் மூன்று ஊரிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள். அப்போது அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எண்பத்து மூன்று வயதில் அப்பத்தாவை "இந்த வாரம் நாலரை, அடுத்த வாரம் ஐந்தரை" என்று அலைக்கழிப்பது சரியில்லை.

ஐந்தரை ஏன் என்றால், அப்பா எருமையைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வர ஐந்தேகால் ஆகும். போனைத் திண்ணையில் சொம்பு மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுக்க அவர் பக்கத்தில் வேண்டும். மார்கழியிலும் அந்த நேரத்தில் திண்ணையில் வெளிச்சம் இருக்கும், முகம் தெளிவாகத் தெரியும். ஏழு மணிக்கு மேல் அப்பத்தா சாப்பிட்டுப் படுத்துவிடுவார்.

நம் ஊர் ஞாயிறும் மற்ற ஊர்களும் (ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 3 வரை)

| காங்கயம் | டல்லாஸ் | பர்மிங்ஹாம் | துபாய் | சிங்கப்பூர் | மெல்போர்ன் |
|---|---|---|---|---|---|
| காலை 6:00 | சனி இரவு 7:30 | நள்ளிரவு 1:30 | விடிகாலை 4:30 | காலை 8:30 | காலை 10:30 |
| காலை 9:00 | சனி இரவு 10:30 | விடிகாலை 4:30 | காலை 7:30 | காலை 11:30 | மதியம் 1:30 |
| மதியம் 12:00 | நள்ளிரவு 1:30 | காலை 7:30 | காலை 10:30 | மதியம் 2:30 | மாலை 4:30 |
| மதியம் 3:00 | விடிகாலை 4:30 | காலை 10:30 | மதியம் 1:30 | மாலை 5:30 | இரவு 7:30 |
| மாலை 4:30 | காலை 6:00 | மதியம் 12:00 | மதியம் 3:00 | இரவு 7:00 | இரவு 9:00 |
| மாலை 5:30 | காலை 7:00 | மதியம் 1:00 | மாலை 4:00 | இரவு 8:00 | இரவு 10:00 |
| மாலை 6:30 | காலை 8:00 | மதியம் 2:00 | மாலை 5:00 | இரவு 9:00 | இரவு 11:00 |
| இரவு 8:30 | காலை 10:00 | மாலை 4:00 | இரவு 7:00 | இரவு 11:00 | திங்கள் நள்ளிரவு 1:00 |

ஒவ்வொரு வரியிலும் யார் தூங்குகிறார்கள் என்று பாருங்கள். காலை ஆறு மணி சித்தப்பாவுக்கும் அக்காவுக்கும் அத்தைக்கும் அருமையான நேரம்தான். ஆனால் பர்மிங்ஹாமில் நடுச்சாமம், துபாயில் தம்பி அசந்து தூங்கும் நேரம். மதியம் என்றால் டல்லாஸ் தூங்குகிறது. இரவு எட்டரைக்கு அப்பத்தாவும் இல்லை, அத்தையும் இல்லை. நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில்தான் ஆறு ஊரும் விழித்திருக்கிறது. அதிலும் நாலரைக்கு அப்பா மாட்டுக்கட்டுத்தரையில் இருப்பார். ஆறரை என்றால் அத்தைக்கு வேலை நாளுக்கு முந்தின ராத்திரி பதினொன்று.

சனிக்கிழமை வைத்தால் மறுநாள் லீவு, அத்தை நிம்மதியாகப் பேசலாமே என்று அக்கா கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் சம்பளம் போடும் நேரம். கம்பெனியில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. தம்பிக்கும் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதனால் ஞாயிறே இருக்கட்டும்.

மாலை 5:30 அழைப்பு: வருஷம் முழுக்க உங்கள் ஊர் நேரம்

| எந்த ஞாயிறு முதல் | டல்லாஸ் | பர்மிங்ஹாம் | மெல்போர்ன் | மாறுவது |
|---|---|---|---|---|
| மார்ச் 1 | காலை 6:00 | மதியம் 12:00 | இரவு 11:00 | இப்போதுள்ள நேரம் |
| மார்ச் 8 | காலை 7:00 | மதியம் 12:00 | இரவு 11:00 | டல்லாஸ் |
| மார்ச் 29 | காலை 7:00 | மதியம் 1:00 | இரவு 11:00 | பர்மிங்ஹாம் |
| ஏப்ரல் 5 | காலை 7:00 | மதியம் 1:00 | இரவு 10:00 | மெல்போர்ன் |
| அக்டோபர் 4 | காலை 7:00 | மதியம் 1:00 | இரவு 11:00 | மெல்போர்ன் |
| அக்டோபர் 25 | காலை 7:00 | மதியம் 12:00 | இரவு 11:00 | பர்மிங்ஹாம் |
| நவம்பர் 1 | காலை 6:00 | மதியம் 12:00 | இரவு 11:00 | டல்லாஸ் |

துபாயும் சிங்கப்பூரும் இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே நம் ஊர் போலவே கடிகாரத்தைத் தொடுவதில்லை. தம்பிக்கு எப்போதும் மாலை 4:00, அக்காவுக்கு எப்போதும் இரவு 8:00.

குழப்பம் வரப்போவது மார்ச்சிலும் அக்டோபரிலும்தான். மூன்று நாடும் மூன்று தேதியில் மாற்றுகின்றன. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு, மெல்போர்னில் ஏப்ரல் முதல் ஞாயிறும் அக்டோபர் முதல் ஞாயிறும். பூமியின் தென்பாதியில் பருவம் தலைகீழ் என்பதால், சித்தப்பா கடிகாரத்தை முன்னால் தள்ளி ஒரு மாதத்துக்குள் அத்தை பின்னால் தள்ளுகிறார். மார்ச் 8 முதல் ஏப்ரல் 5 வரை ஐந்து ஞாயிறும், அக்டோபர் 4 முதல் நவம்பர் 1 வரை ஐந்து ஞாயிறும் சனிக்கிழமையே பட்டியலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் மாறுவதும் நம் அழைப்பும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வருகிறதே, அன்றைக்குப் பழைய நேரமா புது நேரமா? புது நேரம்தான். நம் ஊர்க் கணக்கில் மெல்போர்னில் மாறுவது சனி இரவு 9:30க்கு, பர்மிங்ஹாமில் ஞாயிறு காலை 6:30க்கு, டல்லாஸில் மார்ச்சில் மதியம் 1:30க்கும் நவம்பரில் 12:30க்கும். எல்லாமே ஐந்தரைக்கு முன்னால் முடிந்துவிடும். போனில் நேரம் தானாக மாறிவிடும். சித்தப்பா வீட்டு அடுப்பிலும் காரிலும் உள்ள கடிகாரத்தை நம்ப வேண்டாம்.

அத்தை மகன் ஜூலையில் படிக்க பிரிஸ்பேன் போகிறான். குயின்ஸ்லாந்தில் கடிகாரம் மாற்றுவதில்லை, அவனுக்கு வருஷம் முழுக்க இரவு 10:00. அக்டோபர் 4 முதல் அம்மாவுக்குப் பதினொன்று, மகனுக்குப் பத்து. ஒரே நாடு, ஒரே பக்கத்துக் கடற்கரை என்று அவனும் பதினொன்றுக்கு வந்துவிடப் போகிறான், சொல்லி வையுங்கள்.

மனக்கணக்காகப் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. பர்மிங்ஹாமும் மெல்போர்னும் நமக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. பர்மிங்ஹாமில் கோடை நேரமும் மெல்போர்னில் சாதாரண நேரமும் நடக்கும் ஏப்ரல் 5 முதல் செப்டம்பர் வரை, பர்மிங்ஹாம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், மெல்போர்ன் நாலரை மணி நேரம் முன்னால். நவம்பர் முதல் மார்ச் கடைசி ஞாயிறுக்கு முன்பு வரை இரண்டும் ஐந்தரை. டல்லாஸ் பத்தரை, இல்லாவிட்டால் பதினொன்றரை மணி நேரம் பின்னால். எல்லாவற்றிலும் இந்த அரை மணி ஒட்டிக்கொண்டு வருவது நம்மால்தான். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. பதினைந்து பாகைக்கு ஒரு மணி என்று வகுத்தால் ஐந்தரை வருகிறது.

அழைப்பை கூகுள் காலண்டரில் நான் போட்டுவிட்டேன், நேர மண்டலம் `Asia/Kolkata`. உங்கள் போனில் உங்கள் ஊர் நேரமாகத் தானே காட்டும். தயவுசெய்து யாரும் புதிதாக ஒன்று போட வேண்டாம். சித்தப்பா அங்கிருந்து போட்டால் அது `America/Chicago` கணக்கில் நிற்கும். டல்லாஸில் காலை ஏழு என்பது மாறாமல் இருந்து, நவம்பரில் இங்கே அப்பத்தாவுக்கு ஆறரை ஆகிவிடும்.

பேசும் வரிசையும் கடிகாரப்படியே இருக்கட்டும். முதலில் அத்தை. மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டும், அவர் கால் மணி நேரம் அப்பத்தாவோடு தனியாகப் பேசிவிட்டுப் படுக்கட்டும், யாரும் குறுக்கே பேச வேண்டாம். அடுத்து அக்காவும் மாமாவும், குழந்தைகள் தூங்கப் போகும் முன்பு. அப்புறம் தம்பி. பெரிய அத்தை மகளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி இருக்கும் ஞாயிறுகளில் இடைவேளை பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அவள் எப்போது வந்தாலும் பேசிக்கொண்டிருப்பவர் விட்டுக்கொடுங்கள். இரவு டியூட்டி வாரம் அவளை எழுப்ப வேண்டாம். சித்தப்பா கடைசி. அதற்குள் பிள்ளைகள் பல் விளக்கி வந்துவிடுவார்கள். பேத்தி அரைத்தூக்கத்தில் "அப்பத்தா" என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும், இங்கே "சொல்லு கண்ணு, சாப்பிட்டியா" என்று ஒரு வாரத்துப் பேச்சு தொடங்கிவிடும். அப்பத்தாவுக்கு இடது காது மந்தம், எல்லாரும் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள்.

நோம்பி நாளுக்குத் தனி ஏற்பாடு. தீபாவளி இந்த வருஷம் நவம்பர் 8, ஞாயிறு. வழக்கமான ஐந்தரை அழைப்பு உண்டு. அது போக, காலை 6:00க்கு எண்ணெய் வைத்துக் குளித்ததும் ஒரு சின்ன அழைப்பு வைக்கலாம். அப்போது டல்லாஸில் சனி மாலை 6:30, சிங்கப்பூரில் காலை 8:30, மெல்போர்னில் 11:30. துபாயில் விடிகாலை 4:30, பர்மிங்ஹாமில் நள்ளிரவு 12:30. அவர்கள் இருவரும் சாயங்காலம் வந்தால் போதும்.

அவசரம் என்றால் இந்தப் பட்டியலைப் பார்க்காதீர்கள், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். அப்பத்தா போனுக்கு இரவு எட்டுக்கு மேல் நேராக அடிக்க வேண்டாம். ராத்திரி மணி அடித்தால் கெட்ட சேதியோ என்று பதறி எழுந்துவிடுகிறார்.

இங்கே கரண்ட்டோ நெட்டோ போய்விட்டால் 5:40 வரை காத்திருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் நான் சாதாரண போனில் அப்பாவைக் கூப்பிட்டு உங்களோடு சேர்த்துவிடுகிறேன், அன்றைக்கு முகம் இல்லாமல் குரல் மட்டும்.

கடைசி வரியில் உள்ள நேரம் 2027 மார்ச் 7 வரை செல்லும். அடுத்த வருஷம் முதல் மாற்றம் டல்லாஸில் மார்ச் 14, பர்மிங்ஹாமில் மார்ச் 28, மெல்போர்னில் ஏப்ரல் 4. புதுப் பட்டியலைத் தைப்பொங்கலுக்குள் அனுப்பிவிடுகிறேன். யாராவது ஊர் மாறினாலோ டியூட்டி மாறினாலோ அதற்கு முன்பே சொல்லுங்கள்.