பேகனின் மழை: புறநானூறு 142, வகுப்பு வாசிப்பு

மாணவர்களே, இன்று நாம் வாசிக்கும் பாடல் ஆறே அடிகள் கொண்டது. பாடியவர் பரணர். பாடப்பட்டவன் ஆவியர் குடியில் பிறந்த வையாவிக் கோப்பெரும் பேகன். சங்க நூல்கள் பொதினி என்று குறிக்கும் ஊரே இன்றைய பழனி. ஆகவே நாம் அமர்ந்திருக்கும் இந்தப் பழனி மலைத்தொடர் அவனுடைய மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, பாடலை முதலில் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

அறுகுளத்து உகுத்தும் அகல்வயல் பொழிந்தும்
உறுமிடத்து உதவாது உவர்நிலம் ஊட்டியும்
வரையா மரபின் மாரி போலக்
கடாஅ யானைக் கழற்கால் பேகன்
கொடைமடம் படுதல் அல்லது
படைமடம் படான்பிறர் படைமயக்கு உறினே.

முதல் இரண்டு அடிகளில் மன்னனும் இல்லை, கொடையும் இல்லை, எதைப் பற்றிய பேச்சு என்பதுகூட இல்லை. நீர் வற்றிய குளம், அகன்ற வயல், உப்புப் பூத்த களர் நிலம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்துக் கண்முன் வருகின்றன. பெய்வது மழை என்பதே மூன்றாம் அடியில் ‘மாரி’ என்ற சொல் வந்த பிறகுதான் தெரிகிறது. இவையெல்லாம் உவமை என்பதை அதை அடுத்து நிற்கும் ‘போல’ சொல்கிறது. பரணர் முதலில் மழையை நனைய நனையக் காட்டிவிட்டு, அதன் பிறகே பேகனை அதனுள் நிறுத்துகிறார். இதனால் நாம் பாடலின் முடிவுக்குப் போய்விட்டுத் திரும்பவும் முதல் அடிக்கு வர வேண்டியிருக்கிறது. அப்படித் திரும்பி வரும்போது குளமும் வயலும் களரும் வெறும் நிலங்களாக இருப்பதில்லை, கை நீட்டி நிற்கும் மனிதர்களாகிவிடுகின்றன.

இப்போது வினைச்சொற்களைப் பாருங்கள். குளத்திற்கு ‘உகுத்தும்’, வயலுக்குப் ‘பொழிந்தும்’, களருக்கு ‘ஊட்டியும்’. கண்ணீரையும் உகுத்தல் என்போம்; அது சொட்டுச் சொட்டாகச் சிந்துவது. பொழிதல் தாராளமாகப் பெய்வது. ஊட்டுதலோ தாய் பிள்ளைக்குச் செய்வது. உண்மையில் நீர் தேவைப்படும் வறண்ட குளத்திற்குச் சிந்தும் சொல்லும், எதுவும் விளையாத உவர்நிலத்திற்கு அன்பான சொல்லும் கிடைத்திருக்கின்றன. இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை. ‘உறுமிடத்து உதவாது’ என்று வெளிப்படையாகவே ஒரு குறையைச் சொல்லி, அதே மூச்சில் ‘ஊட்டியும்’ என்று முடிக்கும் கவிஞர், தகுதியற்ற இடத்தில் கொடை எவ்வளவு கனிவோடு விழுகிறது என்பதை அந்த ஒரு வினையால் காட்டிவிடுகிறார்.

பூம்பாறையிலிருந்து வரும் மாணவி ஒருவர் நேற்றே ஒரு கேள்வி கேட்டார்: மலை நாட்டு அரசனைப் பாடும்போது பாறையையும் காட்டையும் விட்டுவிட்டு, குளத்தையும் வயலையும் களரையும் ஏன் சொல்ல வேண்டும்? நல்ல கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பெய்யும் மழை இங்கேயே தங்குவதில்லை. வடசரிவில் விழுந்தது வரதமாநதியாகவும் மற்ற ஓடைகளாகவும் கீழே இறங்கிப் பழனிச் சமவெளியின் நிலங்களுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த மூன்று காட்சிகளும் கீழ்நாட்டுக் காட்சிகளாக இருப்பதால், மலைக்குரியவனின் கொடை மலையை விட்டுப் புறத்தே செல்வதாகவே நான் வாசிக்கிறேன். பாடல் இதை நேராகச் சொல்லவில்லை. இது என் வாசிப்பு மட்டுமே. தேர்வில் இதை உரையாசிரியர் கருத்தாக எழுத வேண்டாம்.

‘வரையா மரபின்’ என்பதற்கு எல்லை வகுக்காத இயல்புடைய என்பது பொருள். மழைக்கும் பேகனுக்கும் பொதுவான தன்மை இங்கேதான் இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்று தொல்காப்பியம் கூறும். மழையின் நிறத்தையோ வடிவையோ பேகனுக்கு ஒப்பிடாமல் பெய்யும் செயலை மட்டும் ஒப்பிடுவதால் இது வினை உவமை. உவமையும் பொருளும் வேற்றுமை ஒழிந்து ஒன்றானால்தான் உருவகம். ‘போல’ வெளிப்பட நிற்பதால் இலக்கணப்படி இது உவமையே. ஆனால் நிலங்கள் மனிதர்களாக மாறும் இடத்தில் ‘போல’ இல்லை, எதற்கு எது ஒப்பு என்ற பட்டியலும் இல்லை. குளம் என்பது வறியவர், வயல் என்பது ஏற்கெனவே உள்ளவர், களர் என்பது பெற்றும் பயன்படாதவர் என்று நாமே கூட்டிக்கொள்கிறோம். விரிந்து செல்லும் உவமை உருவகத்தின் வேலையைச் செய்யத் தொடங்குவது இப்படித்தான்.

நான்காம் அடியை வெறும் அடைமொழி என்று பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். கடாம் என்பது யானையின் மதநீர். ‘மாரி போல’ என்று முடிந்த உடனேயே மதநீர் ஒழுகும் யானை வருகிறது. பொழிவு நிற்கவில்லை, வானிலிருந்து யானையின் கன்னத்திற்கு இடம் மாறியிருக்கிறது. அதோடு அந்த யானை போர் யானை. காலில் இருப்பதும் வீரக் கழல். கொடையிலிருந்து போருக்குப் பாடல் திரும்பும் கணு இந்த அடிதான்.

இனி ‘மடம்’ என்ற சொல். தகுதியும் தேவையும் பாராமல் கொடுப்பது கொடைமடம். புறமுதுகிட்டோரையும் புண்பட்டோரையும் தாக்குவது போல, போர் அறம் தவறுவது படைமடம். பேகன் முதலாவதில் படுவான். பிறர் படை வந்து பொருதாலும் இரண்டாவதில் படமாட்டான். ‘அல்லது’ என்ற சொல்லோடு மழை உவமை நின்றுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். மழைக்கு எங்கும் எல்லை கிடையாது. பேகனுக்கோ கொடுப்பதில் எல்லை இல்லை, கொல்வதில் உண்டு. உவமை எங்கே பொருந்தாமல் போகிறதோ அங்கேதான் பரணர் அவனை மழைக்கும் மேலே வைக்கிறார். ‘உறுமிடத்து’ என்று தொடக்கத்தில் வந்த சொல், ‘உறின்’ என்று கடைசியில் திரும்பி வருகிறது. தேவை உற்ற இடத்தைப் பார்க்கத் தவறுகிறவன், போர் உற்ற இடத்தில் தவறுவதில்லை.

இதைப் பாடாண் திணை, இயன்மொழித் துறை என்று வகுத்திருக்கிறார்கள். புகழ்ச்சிப் பாட்டுதான். ஆனாலும் ‘உறுமிடத்து உதவாது’ என்ற தொடரை நீங்கள் அவ்வளவு எளிதாக விட்டுவிடக் கூடாது என்று விரும்புகிறேன். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்தபோது அவளுக்காகப் பரிந்து பாடிய புலவர்களில் இதே பரணரும் ஒருவர். மயிலுக்குப் பனிக்கும் என்று இரங்கியவனின் மழை வீட்டில் வாடியவளை எட்டவில்லை. 142ஆம் பாடல் கண்ணகியைக் குறிப்பிடவில்லை. அவளை இதற்குள் கொண்டுவந்து திணிப்பது பிழை. எனினும், புகழுக்கு நடுவிலும் குறையைப் பெயர் சொல்லி வைக்கிற கவிஞரிடமிருந்தே அந்தப் பாடல்களும் பிறந்தன என்பதை அறிந்து வாசித்தால், இரண்டாம் அடியின் கனம் கூடுகிறது.

வீட்டுப்பாடமாக, 145ஆம் பாடலின் தொடக்க அடிகளை எழுதிக்கொள்ளுங்கள்:

மடத்தகை மாமயில் பனிக்கும்என்று அருளிப்
படாஅம் ஈத்த கெடாஅ நல்லிசைக்
கடாஅ யானைக் கலிமான் பேக

இதிலும் கடாஅ யானை வருகிறது, ‘மட’ என்ற சொல்லும் வருகிறது. அது இங்கே யாரைச் சேர்கிறது, 142இல் யாரைச் சேர்ந்தது என்று ஒப்பிட்டு, அடி அடியாக ஒரு பக்கத்திற்குள் எழுதி வாருங்கள். உரைநூலை அதன் பிறகு திறந்தால் போதும்.